84 நிமிடத்துக்குள் பூமியைச் சுற்ற முடியுமா?

பதினோராம் வகுப்பு இயற்பியல் தாள்களைத் திருத்தும்போது, ஈர்ப்பியல் பாடத்தில் ஒரே பிழை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கேள்வி எளியதுதான்: புவிப்பரப்பிலிருந்து 400 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் சுற்றும் துணைக்கோளின் வேகம், சுற்றுக்காலம் என்ன? சர்வதேச விண்வெளி நிலையம் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் சுற்றுகிறது. சூத்திரமும் கணக்கும் சரியாக இருக்கும். ஆனால் சுற்றுக்காலம் 79 வினாடி என்று எழுதியிருப்பார்கள்.

சூத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அடியிலிருந்து வருவோம். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல் வட்டத்தை விட்டு ஓடாமல் இருக்க, கயிறு அதை நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். துணைக்கோளுக்கு அந்த இழுப்பைத் தருவது புவியீர்ப்பு. வட்டத்தில் செல்லத் தேவையான மையநோக்கு விசையும் ஈர்ப்பு விசையும் இங்கே ஒன்றேதான்:

GMm/r² = mv²/r

துணைக்கோளின் நிறை m இருபுறமும் அடிபட்டுப் போகிறது. அதனால் கனமான கலமானாலும் அதிலிருந்து நழுவிய திருகாணியானாலும் ஒரே பாதையில் ஒரே வேகம்தான். மிஞ்சுவது v² = GM/r. வினாத்தாளில் G, M இரண்டையும் தராமல் g = 9.8 மீ/வி², புவியின் ஆரம் R = 6400 கி.மீ. என்று மட்டும் தந்தால் பலர் திகைத்து நிற்கிறார்கள். புவிப்பரப்பில் இருக்கும் பொருளின் எடை mg. அது GMm/R²-க்குச் சமம். எனவே GM = gR².

இனி r. கோள வடிவப் பொருள், தன் நிறை முழுவதும் மையத்தில் இருப்பதுபோலவே வெளியே உள்ளவற்றை இழுக்கும் என்று நியூட்டன் நிறுவினார். ஆகவே r என்பது புவியின் மையத்திலிருந்து அளக்கும் தொலைவு: 6400 + 400 = 6800 கி.மீ. இதைப் போட்டால் v வினாடிக்குச் சுமார் 7.68 கி.மீ. சுற்றளவு 2πr-ஐ இந்த வேகத்தால் வகுத்தால் ஏறத்தாழ 5560 வினாடி, அதாவது 93 நிமிடம்.

r-க்கு வெறும் 400-ஐப் போட்டவருக்குத்தான் 79 வினாடி வந்தது. அவருடைய வேகம் வினாடிக்கு 31.7 கி.மீ. புவிப்பரப்பின் விடுபடு வேகமே 11.2 கி.மீ.தான். அந்த வேகத்தில் போகும் கலம் பூமியைச் சுற்றாது, விட்டு விலகியே போய்விடும்.

பிழையைப் பிடிக்க இன்னொரு வழியும் உண்டு. பாதையின் ஆரம் குறையக் குறையச் சுற்றுக்காலமும் குறையும், ஆனால் ஆரம் R-க்குக் கீழே போக முடியாது. காற்றே இல்லையென்று வைத்துக்கொண்டு தரையை உரசிச் சுற்றினால் T = 2π√(R/g), சுமார் 84.6 நிமிடம். ஈர்ப்பை மட்டும் நம்பிப் பூமியைச் சுற்றும் எந்தக் கலமும் இதைவிடச் சீக்கிரம் ஒரு சுற்றை முடிக்காது. 84 நிமிடத்துக்குக் கீழே விடை வந்தால், r இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டும்.