பதில் வராத ஆர்டர்

காலை 9:20. உங்கள் புரோகிராம் ஒரு பங்கில் 100 வாங்கச் சொல்லி, புரோக்கரின் ஏபிஐ வழியே ஆர்டர் அனுப்புகிறது. ஏழு விநாடி ஆகியும் பதில் இல்லை, இணைப்பு அறுந்துவிட்டது.

பதில் வரவில்லை என்றால் ஆர்டர் போகவில்லை என்று பொருளல்ல. ஆர்டர் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ‘பதில் இல்லையா, மறுபடி அனுப்பு’ என்று எழுதிவைத்த புரோகிராம் இன்னும் மூன்று முறை முயன்றால், கையில் 400 பங்குகள் நிற்கும்.

ஆகவே அனுப்பும் முன்பே ஆர்டருக்கு `A092001` போல ஓர் அடையாளம் கொடுத்து, முதலில் நம் கோப்பில் எழுதிவிட வேண்டும். பல புரோக்கர்கள் இதை ஆர்டருடன் அனுப்ப இடம் தருகிறார்கள். பதில் வராவிட்டால் அன்றைய ஆர்டர் பட்டியலை வாங்கி, அந்த அடையாளத்தைத் தேடுங்கள். இருந்தால் விஷயம் முடிந்தது. இல்லாவிட்டால் சில விநாடி பொறுத்து மீண்டும் தேடுங்கள். பட்டியலில் தாமதமாக ஏறுவதும் உண்டு. அப்போதும் இல்லையென்றால் புரோகிராமை நிறுத்தி, மனிதர் பார்ப்பதே நல்லது. ஒரே அடையாளம் இரண்டு முறை வந்தால் புரோக்கரே தடுப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

இன்னொரு பூட்டு, எண்ணிக்கை வரம்பு. நாளைக்கு 20 ஆர்டர் என்றால் 21ஆவது போகக்கூடாது. அந்தக் கணக்கும் கோப்பில் இருக்கட்டும். நினைவகத்தில் மட்டும் வைத்தால் புரோகிராம் மறுபடி தொடங்கும்போது பூஜ்யமாகிவிடும்.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் நிறுவனத்தில் ஆர்டர்கள் கட்டுமீறி ஓடின. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 44 கோடி டாலருக்கும் மேல்.