ஏபிஏ பாணியில் ஒரு மாணவர் கட்டுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியல், கல்வியியல், நர்சிங் என எதில் சேர்ந்தாலும், முதல் கட்டுரையை எழுதச் சொல்லும்போதே ‘ஏபிஏ பாணியில் இருக்க வேண்டும்’ என்றும் சொல்லிவிடுவார்கள். ஏபிஏ என்பது அமெரிக்க உளவியல் சங்கம். 1929இல் ஓர் ஆய்விதழில் சில பக்கக் குறிப்பாக வெளிவந்த அதன் எழுத்து விதிகள் இன்று தடித்த கையேடாகிவிட்டன. இப்போது நடப்பில் இருப்பது 2019இல் வந்த ஏழாம் பதிப்பு. மாணவர்கள் மதிப்பெண் இழப்பதற்கு முக்கியக் காரணம், இணையத்திலும் நண்பர்களிடமும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ஆறாம் பதிப்பு மாதிரிகள்தான்.

தூக்கமின்மை நினைவாற்றலை எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு மாணவி கட்டுரை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அவர் வைத்த தலைப்பு இது:

```
The Effect of Sleep Loss on Short-Term Memory
in First-Year College Students
```

முதல் பக்கத்தின் மேல் விளிம்பிலிருந்து மூன்று நான்கு வரி இறக்கி, நடுவில், தடித்த எழுத்தில் இதை இட வேண்டும். பிறகு ஒரு வரி வெற்றிடம். அதன் கீழே மாணவியின் பெயர், துறையும் பல்கலைக்கழகமும், பாட எண்ணும் பெயரும், ஆசிரியர் பெயர், கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய தேதி ஆகியவை வரிக்கு ஒன்றாக, சாதாரண எழுத்தில், நடுவில் வரும். பக்கம் முழுக்க இரட்டை வரி இடைவெளி. வலது மேல் மூலையில் பக்க எண் 1. முதல் பக்கம்தானே என்று எண்ணை மறைத்துவிடக் கூடாது.

அடுத்த பக்கத்துக்குப் போக பலரும் Enter விசையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் தலைப்பில் ஒரு சொல் கூடி அது இன்னொரு வரிக்கு இறங்கினால் போதும், அடுத்த பக்கமே குலைந்துவிடும். Ctrl+Enter அழுத்திப் பக்கத்தைப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது ரன்னிங் ஹெட். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் இடது ஓரத்தில் வரும் சுருக்கத் தலைப்பு இது. ஆறாம் பதிப்பில் மாணவர்களும் இதை இடுவது வழக்கம். முதல் பக்கத்தில் மட்டும் அதற்கு முன்னால் `Running head:` என்ற சொற்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஏழாம் பதிப்பு அந்தச் சொற்களை அடியோடு நீக்கிவிட்டது. மாணவர் கட்டுரைக்கு ரன்னிங் ஹெட்டே கட்டாயமில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆகவே ஏழாம் பதிப்பு கேட்கப்பட்ட இடத்தில் அந்தச் சொற்கள் தென்பட்டால், கட்டுரை பழைய மாதிரியைப் பார்த்து எழுதப்பட்டது என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆசிரியர் கேட்டால் இட்டுத்தான் ஆக வேண்டும். இடைவெளிகளையும் சேர்த்து 50 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. எல்லாம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மாணவியின் முழுத் தலைப்பு 76 எழுத்து. அதை ஐம்பதாவது எழுத்தில் வெட்டினால் பொருள் அறுந்துவிடும். சாரத்தை மட்டும் எடுத்தால் 21 எழுத்தில் முடிந்துவிடுகிறது:

```
SLEEP LOSS AND MEMORY
```

உள் தலைப்புகளுக்கு ஏபிஏ ஐந்து நிலைகள் வைத்திருக்கிறது. ஐந்தையும் பயன்படுத்தியாக வேண்டும் என்பதில்லை. சில பக்கக் கட்டுரைக்குப் பெரும்பாலும் இரண்டே போதும். முதல் நிலைத் தலைப்பு நடுவில், தடித்த எழுத்தில் வரும். இரண்டாம் நிலை தடித்த எழுத்தில் இடது ஓரமாக வரும். மூன்றாம் நிலையும் இடது ஓரம்தான், ஆனால் தடித்த சாய்வெழுத்து. நான்காவதும் ஐந்தாவதும் பத்தியின் தொடக்கத்திலேயே, சற்று உள்தள்ளி வந்து, முற்றுப்புள்ளியோடு முடியும். அதே வரியில் பத்தி தொடரும்.

நம் மாணவியின் கட்டுரையில் தூக்கமும் நினைவும் ஒரு பகுதி, தூக்கம் கெடுவதற்கான காரணங்கள் இன்னொரு பகுதி. இவை இரண்டும் முதல் நிலை. முதல் பகுதிக்குள் வரும் குறுகிய கால நினைவும் நீண்ட கால நினைவும் இரண்டாம் நிலை. எழுத்து பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மூன்றாம் நிலைக்குத் தாவுவது பிழை, ஏனென்றால் எந்தச் செய்தி எதற்குள் அடங்குகிறது என்பதைத்தான் நிலை காட்டுகிறது. ஒரு பகுதிக்குள் ஒரே ஒரு துணைத் தலைப்பு மட்டும் இருந்தால், அங்கே பிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று பொருள், அதை எடுத்துவிடலாம்.

இன்னொரு பழக்கம், முன்னுரைக்கு `Introduction` என்று தலைப்பிடுவது. ஏபிஏயில் அது கிடையாது. இரண்டாம் பக்கத்தின் உச்சியில் கட்டுரைத் தலைப்பையே மீண்டும் தடித்த எழுத்தில் நடுவில் இட்டு, நேராகப் பத்தியைத் தொடங்க வேண்டும்.

வேர்டில் Heading 1 என்பதைச் சொடுக்கினால் பெரிய நீல எழுத்து வருவது வழக்கம். அது ஏபிஏ வடிவமல்ல. அந்த ஸ்டைலின் மேல் வலது சொடுக்கி Modify போய், கட்டுரைக்கு வைத்த அதே எழுத்துருவையும் அளவையும், கறுப்பு நிறத்தையும், தடிப்பையும், நடு அமைப்பையும் ஒரு முறை வைத்துவிடுங்கள். எல்லா முதல் நிலைத் தலைப்புகளும் ஒன்றுபோல மாறிவிடும்.

இத்தனையும் முடிந்தபின் ஆசிரியர் தந்த பாடக் குறிப்பை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதில் வேறு விதமாகக் கேட்டிருந்தால் அதன்படியே செய்யுங்கள். மாணவர் கட்டுரைக்கு ஆசிரியர் சொல்வதையே பின்பற்றச் சொல்கிறது ஏபிஏயும்.