எண் போட்டால் பதில் வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை

ரவுட்டரில் எல்லா விளக்கும் எரிகிறது, வைஃபை குறி முழுதாக நிற்கிறது, வாட்ஸ்ஆப்பில்கூடச் செய்தி போய் வருகிறது. ஆனால் எந்த இணையதளத்தைத் தட்டினாலும் திறக்கவில்லை. குரோம் திரையில் `DNS_PROBE` என்று தொடங்கும் ஒரு வரி மட்டும் நிற்கிறது. பெரும்பாலான வீடுகளில் இதற்கு “நெட் போயிடுச்சு” என்றுதான் பெயர். நெட் போகவில்லை. போயிருப்பது பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் தேடிப் போகும். இணையம் சிறியதாக இருந்த காலத்தில் எல்லாப் பெயர்களையும் அவற்றின் எண்களையும் ஒரே கோப்பில் எழுதி, அதன் நகலை எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாக்குப்பிடிக்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அந்த வேலையைப் பலரிடம் பிரித்துக் கொடுத்தது. இன்று நீங்கள் ஒரு பெயரைத் தட்டினால் கணினி அதை வீட்டு ரவுட்டரிடம் கேட்கிறது. ரவுட்டர் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. அதற்கும் தெரியாவிட்டால், அந்தத் தளத்துக்கே உரிய சர்வர் வரை போய்க் கேட்டு வருகிறது. இந்த வரிசையில் யார் வாய் திறக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும். வாட்ஸ்ஆப் ஓடுவதில் மர்மம் இல்லை. ஏற்கெனவே போட்டு வைத்த இணைப்பு பெயரைத் திரும்பக் கேட்பதில்லை.

விண்டோஸ் கணினி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தேடல் பெட்டியில் `cmd` என்று தட்டி, வரும் கறுப்புத் திரையில் இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள்.

```
ping 8.8.8.8
ping example.com
```

8.8.8.8 என்பது கூகுள் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் டிஎன்எஸ் சர்வரின் எண். முதல் கட்டளைக்கு `Reply from 8.8.8.8` என்று வரிகள் வந்தால் வைஃபை, ரவுட்டர், வெளியே போகும் கேபிள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. இரண்டாவதற்கு `Ping request could not find host` என்று வந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில்தான். சில அலுவலகங்களில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள். ஆகவே பதில் வந்தால் பாதை இருப்பது உறுதி. வராததை மட்டும் வைத்துப் பாதை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து, யாரிடம் கேட்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

```
nslookup example.com
```

நம் வீட்டில் இப்படி வருகிறது என்று வையுங்கள்:

```
DNS request timed out.
    timeout was 2 seconds.
Server:  UnKnown
Address:  192.168.1.1
```

கடைசி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். கணினி கேட்டது 192.168.1.1-ஐ, அதாவது வீட்டு ரவுட்டரை. அது இரண்டு விநாடி ஆகியும் பேசவில்லை. இப்போது அதே கேள்வியை ரவுட்டரைத் தாண்டி வெளியே உள்ள ஒருவரிடம் கேளுங்கள்.

```
nslookup example.com 8.8.8.8
```

உடனே எண்கள் வந்துவிட்டால் கணினியும் பாதையும் தப்பித்தன. ஆனால் ரவுட்டரைக் குற்றவாளியாக்க அவசரப்படக் கூடாது. அதற்குச் சொந்தமாகப் பெயர்கள் தெரியாது. இணைய நிறுவனத்திடம் கேட்டுத்தான் சொல்கிறது. பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி ரவுட்டரின் பக்கத்துக்குள் போனால், நிறுவனம் அதற்குக் கொடுத்திருக்கும் டிஎன்எஸ் எண்கள், பெரும்பாலும் இரண்டு, அங்கே இருக்கும். அவற்றையும் 8.8.8.8 இருந்த இடத்தில் போட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவை பதில் சொன்னால் தொங்கிப்போனது ரவுட்டர். அதை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகும். அவையும் மௌனம் என்றால் கோளாறு நிறுவனத்தின் சர்வரில். அப்போது வாடிக்கையாளர் சேவையிடம் “நெட் வரல” என்று சொல்லாதீர்கள். “8.8.8.8-க்கு பிங் போகிறது, உங்கள் டிஎன்எஸ் எண்ணுக்கு என்எஸ்லுக்கப் டைம் அவுட் ஆகிறது” என்று சொல்லுங்கள். கேபிளைப் பார்க்க ஆளனுப்பி ஒரு நாளை வீணாக்காமல், சரியான ஆளிடம் புகார் போய்ச் சேரும்.

8.8.8.8-இடம் கேட்டதும் டைம் அவுட் ஆனால்? பிங் போகும் வழி வேறு. டிஎன்எஸ் கேள்வி போகும் வழி 53 என்ற எண்ணுள்ள போர்ட். ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ அந்தப் போர்ட்டை அடைத்திருக்கலாம். விடுதி வைஃபையில், நுழைவுப் பக்கத்தில் பதிவு செய்யும்வரை இப்படி அடைத்து வைப்பதும் உண்டு.

பதில் வராததும், “இல்லை” என்று பதில் வருவதும் வேறு வேறு. `Non-existent domain` என்று வந்தால் சர்வர் நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் கேட்ட பெயர்தான் இல்லை. எழுத்துப் பிழையா, அந்தத் தளத்துக்காரர் பெயரைப் புதுப்பிக்கத் தவறினாரா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் `Server failed` வந்து மற்றவை திறந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தத் தளத்தின் சொந்த டிஎன்எஸ் ஏற்பாட்டில். உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் அது தீராது.

என்எஸ்லுக்கப் சரியான எண்ணைத் தருகிறது, ஆனாலும் பிரவுசர் திறக்க மறுக்கிறது என்ற நிலைதான் பலரைச் சுற்றவைக்கிறது. என்எஸ்லுக்கப் நேராக சர்வரிடம் கேட்கும். பிரவுசரோ விண்டோஸ் ஏற்கெனவே கேட்டு நினைவில் வைத்த பழைய பதிலைப் பயன்படுத்தலாம். `ipconfig /flushdns` அந்த நினைவைத் துடைத்துவிடும். அதன் பிறகும் திறக்காவிட்டால் `C:\Windows\System32\drivers\etc\hosts` என்ற கோப்பைப் பாருங்கள். பழைய காலத்து ஒற்றைக் கோப்பின் வாரிசு இது. இதில் ஒரு பெயர் எழுதியிருந்தால் விண்டோஸ் வெளியே கேட்கவே கேட்காது. பிரவுசர் அமைப்பில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற வசதி ஏதாவது ஒரு சர்வரின் பெயரில் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது விண்டோஸைக் கேட்காமல் தன் வழியில் போகும். ஆண்ட்ராய்டு போனிலும் தனிப்பட்ட டிஎன்எஸ் என்று ஒன்று உண்டு. வீட்டில் எல்லோருக்கும் திறந்து ஒரு போனில் மட்டும் திறக்காதபோது நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

என்எஸ்லுக்கப் காட்டும் அந்த `Address` வரியில் உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அலட்சியமாக விடாதீர்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் பல நாடுகளில் கணினிகளுக்குள் புகுந்து, டிஎன்எஸ் எண்ணைத் திருடர்களின் சர்வருக்கு மாற்றி வைத்தது. 2011 நவம்பரில் அந்தக் கும்பல் பிடிபட்டது. சர்வர்களை உடனே அணைத்தால் லட்சக்கணக்கானோருக்கு இணையதளங்கள் நின்றுவிடும் என்பதால், அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு அதே எண்களில் நல்ல சர்வர்களைத் தற்காலிகமாக ஓட்டினார்கள். 2012 ஜூலை 9-இல் அவை நிறுத்தப்பட்டன. அதுவரை சுத்தம் செய்யாத கணினிகளுக்கு நேர்ந்தது, நாம் இவ்வளவு நேரம் பார்த்த அதே கோளாறு: இணைப்பு இருக்கும், எண் பேசும், பெயர் கிடைக்காது.

அவசரத்துக்குக் கணினியின் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்றோ, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்றோ மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் அதை நிரந்தரமாகவே விட்டாலும் பாதகமில்லை. அலுவலகக் கணினியில் மட்டும் செய்யாதீர்கள். அலுவலகத்துக்குள் இருக்கும் பிரிண்டர், கோப்பு சர்வர் போன்றவற்றின் பெயர்கள் அங்குள்ள டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும். கூகுளிடம் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்றுதான் பதில் வரும்.