கல்லாவை மூடும் முன் ஐந்து நிமிடம்

தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர், கால் கிலோ வெண்டைக்காய்க்கெல்லாம் நோட்டை எடுத்து எழுத முடியாது. எழுதவும் தேவையில்லை. காலையில் கையில் இருந்த பணம், வெளியே போன பணம், விற்பனை அல்லாமல் உள்ளே வந்த பணம் இவற்றை மட்டும் அவ்வப்போது குறித்தால், விற்பனையை இரவு நோட்டே சொல்லிவிடும்.

ஒரு நாளைப் பார்ப்போம். காலை இருப்பு 4,000 ரூபாய். சந்தையில் சரக்கு 3,200, ஆட்டோ 250, டீ 40, தண்டல் 200. ஆக, போனது 3,690. பழைய பாக்கி வந்தது 150. இரவு கல்லாவை எண்ணினால் 3,610.

எண்ணிய தொகையோடு போனதைக் கூட்டினால் 7,300. அதில் காலை இருப்பையும் பாக்கி வரவையும் கழித்தால் 3,150. அதுதான் ரொக்க விற்பனை. ஜிபேயில் வந்த 980 வங்கிக்குப் போவதால் தனிப் பத்தியில் நிற்க வேண்டும். இன்று கடன் கொடுத்த காய்க்குத் தனிப் பக்கம்.

இந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு. வீட்டுச் செலவுக்கு எடுத்த 100 ரூபாயை எழுத மறந்தால், கல்லா குறையாகத் தெரியாது. விற்பனைதான் 100 குறைந்ததாகக் காட்டும். காய் நன்றாகத் தீர்ந்த நாளில் விற்பனை இளைத்திருந்தால், முதலில் தேட வேண்டியது எழுதாமல் விட்ட செலவைத்தான்.

எண்ணிய 3,610 மறுநாள் பக்கத்தின் முதல் வரியாக அன்றிரவே ஏறிவிட வேண்டும். காலையில் எழுதலாமென்று விட்டால், விடியற்காலைச் சந்தைச் செலவு அதில் கலந்துவிடும்.