‘ஆவன செய்யப்படும்’ என்றால் யார் செய்வது?

புதுக்கோட்டையில் 48 வீடுகள் உள்ள ஒரு நகரின் குடியிருப்போர் நலச் சங்க மினிட்ஸ் நோட்டு என் மேஜையில் கிடக்கிறது. சங்கத்தின் பெயர் வேண்டாம், எந்த நகரின் நோட்டும் இப்படித்தான் இருக்கும். போன ஆண்டு ஆகஸ்ட் கூட்டத்தின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறார்கள்: “மழைநீர் தேங்குவது குறித்து விவாதிக்கப்பட்டது. வரத்துவாரியைத் தூர்வார விரைவில் ஆவன செய்ய ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

ஐப்பசி மழையில் மூன்றாம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அடுத்த கூட்டத்தில் செயலாளர், “பொருளாளர் மனு கொடுப்பார்னு நினைச்சேன்” என்றார். பொருளாளரோ, “காசு வசூலிக்கத்தான் என்னைச் சொன்னாங்க, மனுவைப் பத்தி யாரும் பேசலையே” என்றார். இரண்டு பேர் சொன்னதும் நிஜம். நோட்டில் ஆள் பெயரே இல்லை.

அன்று கூட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன். உண்மையில் முடிவானவை இரண்டு. ஊரணிவரை வாரியில் அடைத்திருக்கும் மண்ணை அள்ளச் சொல்லி மனு கொடுப்பது ஒன்று. தெருவின் உள்வாய்க்காலைச் சங்கமே ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்ய, வீட்டுக்கு 250 வீதம் 12,000 ரூபாய் வசூலிப்பது இன்னொன்று. வசூலுக்கு இரண்டு வீட்டார் மறுப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, ‘ஏகமனதாக’ என்பதும் பொய். இரண்டு முடிவுகளையும் ஒரே வாக்கியத்தில் அடைத்ததில் பணமும் போச்சு, மறுப்பும் போச்சு.

ஓய்வு பெற்ற தாலுகா அலுவலக எழுத்தர் ஒருவர்தான் இப்போது அங்கே நோட்டு எழுதுகிறார். அதே முதல் முடிவு மறுபடி கூட்டத்துக்கு வந்தபோது அவர் இப்படி எழுதினார்:

“தீர்மானம் 4. மூன்றாம் தெரு முனை முதல் ஊரணி வரை வரத்துவாரியில் உள்ள மண்ணை அகற்றக் கோரும் மனுவைத் துணைச் செயலாளர் எழுதி, செப்டம்பர் 22 திங்கள் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைச் சங்கத்தில் ஒப்படைப்பார். அவர் கூட்டத்தில் இருந்து ஒப்புக்கொண்டார்.”

கடைசி வாக்கியம் முக்கியம். வராதவர் தலையில் வேலையைக் கட்டுவது நம் சங்கங்களின் பழைய பழக்கம். அவர் சரி என்று சொல்லும்வரை அந்த வேலைக்கு ஆள் இல்லை என்றே கணக்கு. ‘விரைவில்’ என்ற சொல்லை எழுத்தர் நோட்டுப் பக்கம் விடுவதே இல்லை. ஒப்புகைச் சீட்டு என்று எழுதியதிலும் விஷயம் இருக்கிறது: வேலை முடிந்ததா என்பதைச் சீட்டு சொல்லும், வாக்குவாதம் வேண்டாம். வசூல் தனித் தீர்மானம். அதில் தொகை, கடைசித் தேதி, மறுத்த இரண்டு கதவு எண்கள் எல்லாம் வரும்.

இதை வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுத முடியாது. ஒவ்வொரு பொருள் முடிந்ததும் எழுதியதை அங்கேயே உரக்கப் படிக்கிறார். “அப்படிச் சொல்லலையே சார்” என்று யாராவது சொன்னால், அடித்துத் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுகிறார். ஒயிட்னர் தொடுவதில்லை.

என் கவலை வேறு. பல நோட்டுகளில் கூட்டம் தொடங்கும் முன்பே உறுப்பினர்கள் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வந்ததற்கான கையெழுத்துதான் அது. மேலே உள்ள வெற்றிடம் ஒரு வாரம் கழித்து நிரம்புகிறது, அப்போது அது சம்மதக் கையெழுத்தாக மாறிவிடுகிறது. வங்கிக் கணக்கை இயக்குபவரை மாற்றவும் இதே நோட்டின் நகலைத்தான் கேட்பார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. வருகைக்குத் தனிப் பக்கம், பக்கங்களுக்கு எண், கடைசித் தீர்மானத்தின் கீழே ஒரு கோடு, கோட்டை ஒட்டித் தலைவர் ஒப்பம், அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக முந்தைய குறிப்பைப் படித்து ஒப்புதல். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

“நாலு பேர் உட்கார்ந்து பேசுறதுக்கு இவ்வளவு கெடுபிடியா? வாட்ஸ்அப்ல போட்டாப் போதாதா?” என்று கேட்கும் உறுப்பினரும் உண்டு. சொந்தத் தெருவில் மனக்கசப்பு வரக் கூடாது என்பது அவர் நியாயம்.

ஆனால் இந்தக் கெடுபிடி நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்ச் சபை கி.பி. 919-ல் குடவோலை முறைக்கு விதி எழுதியது. சபையார் சொல்லி எழுதிய மத்தியஸ்தன் தன் பெயரையும் கல்லில் சேர்த்திருக்கிறான். இரண்டே ஆண்டில், 921-ல், விதியை இன்னும் விரிவாக்கி மறுபடி எழுதினார்கள். முந்தையதைச் செதுக்கி எடுக்கவில்லை. இரண்டும் இன்றும் அங்கே இருக்கின்றன.

எழுத்தர் நோட்டிலும் தவறிய கெடுக்கள் உண்டு. துணைச் செயலாளருக்குக் காய்ச்சல், 22-ஆம் தேதி போகவில்லை. அடுத்த கூட்டப் பக்கத்தில், “தீர்மானம் 4 நிறைவேறவில்லை. காரணம்: உடல்நலக் குறைவு. புதிய கெடு: அக்டோபர் 6 திங்கள். பொறுப்பு: அவரே” என்று இருக்கிறது. பழைய பக்கத்தில் 22 அப்படியே நிற்கிறது. புதிய பக்கத்தின் ஓரத்தில் குண்டூசியால் குத்திய ஒப்புகைச் சீட்டு, தேதி அக்டோபர் 6.