விளக்கு எரிந்ததும் வரும் மௌனம்

மிலோஷ் ஃபோர்மனின் 1967ஆம் ஆண்டு செக் படம் ‘தீயணைப்பு வீரர்களின் விருந்து’. சிற்றூர் தீயணைப்புப் படை நடத்தும் விழாவில் குலுக்கல் பரிசுகள் திருடுபோகின்றன. எடுத்தவர்கள் திருப்பி வைக்கட்டும் என்று விளக்கை அணைக்கிறார்கள். விளக்கு எரிந்தால், மனைவி எடுத்ததைத் திருப்பி வைக்க வந்த படைவீரர் கையும் களவுமாக நிற்கிறார்.

இது சாதாரணக் கதைப்படம். இதையே பொய் ஆவணப்பட பாணியில் எழுதினால், முதலில் தலைவரின் பேட்டி:

“எங்க படையில ஒரு குண்டூசிகூடக் காணாமப் போனதில்ல.”

உடனே வெட்டு. காலி மேசை. மீண்டும் தலைவர். இங்கே வசனம் கூடாது. மௌனத்தையே எழுத வேண்டும்:

“நான்கு விநாடி. தொப்பியைச் சரிசெய்கிறார். கேமராவைப் பார்க்கிறார். பார்வையைத் தாழ்த்துகிறார்.”

“சங்கடமான மௌனம்” என்று மட்டும் எழுதினால் நடிகருக்குச் செய்ய எதுவும் இருக்காது. பொய்யும் மேசையும் அடுத்தடுத்து வராவிட்டால் அந்த நான்கு விநாடி வெறும் தொய்வுதான். தலைவர் தன் சொல்லை மனதார நம்ப வேண்டும். சிரிக்க வைக்க முயன்றால் காட்சி செத்துவிடும். எழுதுகிறவர்கள் ஃபோர்மன் படத்தின் அந்த விளக்குக் காட்சியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.