வெள்ளைக் காலனி சொல்வதும் சொல்லாததும்

37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்திருந்த பெட்ரி தட்டைக் காலையில் திறந்தால், அகார் பரப்பில் சின்னச் சின்னப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். சில நீலம், சில வெள்ளை. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு பாக்டீரியா பெருகிப் பெருகி உண்டான காலனி. வேறோர் உயிரிலிருந்து எடுத்துச் செருகிய மரபணு எந்தக் காலனியில் இருக்கிறது என்பதை இந்த நிறத்தை வைத்தே ஆய்வாளர் முதற்கட்டமாகப் பிரிக்கிறார். அவர் தேடுவது வெள்ளையை. நிறம் ஏறியவற்றை ஒதுக்கிவிட்டு, நிறமே இல்லாததை ஏன் பொறுக்குகிறார் என்பதுதான் இந்தச் சோதனையின் உட்பொருள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜெல்லிமீன் ஒன்றிலிருந்து வந்து, ஆய்வகங்களுக்கென்று திருத்தப்பட்ட பச்சை ஒளிர்புரதத்தின் மரபணு நம் கையில் இருக்கிறது. நீளம் 720 எழுத்து. இதைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுபோக ஒரு வாகனம் வேண்டும். அது பிளாஸ்மிட் என்னும் சிறிய டிஎன்ஏ வளையம். இந்த வேலைக்கு உலகெங்கும் புழங்கும் பியூசி19 என்ற வளையத்தின் நீளம் 2,686 எழுத்து. ஈகோ-ஆர்-1 என்ற வெட்டு நொதி, GAATTC என்ற எழுத்து வரிசையைக் கண்ட இடத்தில் வெட்டும். பியூசி19-இல் அந்த வரிசை ஒரே இடத்தில்தான் வருகிறது. நம் மரபணுவின் இரு முனைகளிலும் அதே வரிசையைச் சேர்த்து வெட்டிவிட்டால், இரண்டுக்கும் ஒரே மாதிரியான ஒட்டும் முனைகள் கிடைக்கும். லிகேஸ் என்ற நொதி அவற்றை இணைத்துவிடும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெட்டிய வளையத்தின் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று பொருந்துபவை. மரபணு வந்து சேரும்வரை அவை காத்திருப்பதில்லை. பல வளையங்கள் தம் முனைகளையே கோத்துக்கொண்டு வெறுமையாக மூடிக்கொள்கின்றன. ஆகவே லிகேஸ் வேலை முடிந்த குழாயில் வெற்று வளையங்களும் மரபணு ஏந்திய வளையங்களும் கலந்தே இருக்கும்.

இந்தக் கலவையை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். கால்சியம் குளோரைடில் பக்குவப்படுத்திய பாக்டீரியாவுடன் டிஎன்ஏவைக் கலந்து அரைமணி நேரம் பனிக்கட்டியில் வைத்து, 42 டிகிரி நீரில் முக்கால் நிமிடம் போல அமிழ்த்தி, மறுபடி பனிக்கட்டியில் வைப்பார்கள். இந்த வெப்ப அதிர்ச்சியில் மிகச் சில பாக்டீரியாக்களே பிளாஸ்மிட்டை உள்வாங்கும். ஒரு மணி நேரம் ஊட்டம் கொடுத்துத் தேற்றியபின், ஆம்பிசிலின் கலந்த அகாரில் அவற்றைப் பரப்புவார்கள். ஆம்பிசிலினைச் சிதைக்கும் மரபணு பிளாஸ்மிட்டிலேயே இருப்பதால், பிளாஸ்மிட் பெற்றவை பிழைக்கும், மற்றவை மடியும். பிழைத்தது பிளாஸ்மிட் உள்ளது என்பது வரை தெரிந்துவிட்டது. அந்த வளையம் வெற்று வளையமா, மரபணு ஏறிய வளையமா? அதை ஆம்பிசிலின் சொல்லாது. நீலமும் வெள்ளையும் அந்தக் கேள்விக்காக வந்தவை.

பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்க ஈ. கோலை வைத்திருக்கும் நொதி பீட்டா-காலக்டோசிடேஸ். இதற்கான மரபணுவை லாக்-இசட் என்பார்கள். ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு ஒரே மாதிரியான சங்கிலிகள் சேர்ந்தால்தான் இந்த நொதி வேலை செய்யும். 1967-இல் பாரிஸில் அக்னெஸ் உல்மான், பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ மூவரும் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். சங்கிலியின் தலைப்பகுதி சிதைந்து செயலற்றுப்போன நொதியுடன், அந்தத் தலைப்பகுதியைத் தனித் துண்டாகச் சேர்த்தால் நொதி உயிர்பெற்றுவிடுகிறது. இரண்டும் வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்வதுகூட இல்லை, அருகருகே பொருந்திக்கொள்கின்றன. அந்தச் சிறுதுண்டுக்கு ஆல்ஃபா துண்டு என்று பெயர்.

நீல-வெள்ளைச் சோதனைக்கு எடுக்கும் பாக்டீரியாவின் சொந்த நொதியில் 11-ஆவது முதல் 41-ஆவது வரையிலான அமினோ அமிலங்கள் இல்லை. இவ்வளவு சிறிய குறைக்கே நான்கு சங்கிலிகளும் ஒன்றுகூட முடியாமல் போகிறது. விடுபட்ட பகுதியை ஈடுசெய்யும் ஆல்ஃபா துண்டைப் பியூசி19 பிளாஸ்மிட் தயாரித்துக் கொடுக்கிறது. பெரிய தேர் பாக்டீரியாவுடையது, அச்சாணி பிளாஸ்மிட்டுடையது. வெற்று வளையம் உள்ளே போனால் அச்சாணி கிடைக்கும், நொதி ஓடும்.

நொதி ஓடுவதைக் கண்ணுக்குக் காட்டும் பொருள் எக்ஸ்-கால். காலக்டோஸ் சர்க்கரையோடு இண்டாக்சில் என்ற மூலக்கூறு பிணைந்தது அது. இண்டாக்சிலில் ஒரு புரோமினும் ஒரு குளோரினும் ஏறியிருக்கும். நிறமில்லாத இந்தப் பொருளிலிருந்து நொதி சர்க்கரையைக் கத்தரித்துவிட்டால், விடுபட்ட இண்டாக்சில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகக் காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு இணைந்து நீலச் சாயமாகின்றன. நம் ஊர் அவுரி இலையிலிருந்து நீலம் எடுக்கும்போது நடப்பதும் இதே வேதியியல்தான். இலையில் சர்க்கரையோடு கட்டுண்டிருக்கும் இண்டாக்சில், தொட்டியில் ஊறும்போது விடுபட்டு, கலக்கக் கலக்கக் காற்றுப்பட்டு நீலமாகிறது. எக்ஸ்-கால் தரும் சாயம் அந்த அவுரி நீலத்தின் நெருங்கிய உறவு. அது நீரில் கரையாததால் அகாரில் பரவாமல் உண்டான காலனியிலேயே தங்கிவிடுகிறது. இல்லையென்றால் தட்டு முழுக்க நீலமாகி, யார் எவர் என்று தெரியாமல் போயிருக்கும்.

மரபணுவைச் செருகும் வெட்டிடம் ஆல்ஃபா துண்டுக்கான மரபணுவின் நடுவிலேயே அமைந்திருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் மையம். அதை அங்கே கொண்டுவந்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஜோகிம் மெஸ்ஸிங். 1970-களில் மியூனிக்கில் எம்13 என்ற வைரஸுக்குள் லாக் மரபணுவின் தொடக்கப் பகுதியை ஏற்றியபின், அதற்குள் வசதியான ஒரு வெட்டிடம் தேவைப்பட்டது. லாக்-இசட்டின் தொடக்கத்தில் GGATTC என்ற வரிசை ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது எழுத்து G என்பது A ஆகிவிட்டால் போதும், அது GAATTC, அதாவது ஈகோ-ஆர்-1 வெட்டிடம். டிஎன்ஏவை வேதிப்பொருளால் தாக்கி, புரூனோ குரோனன்போர்னுடன் சேர்ந்து, அந்த ஓர் எழுத்து மாறிய வைரஸை அவர் பிடித்தார். 1978-இல் அது வெளியானது. அந்த மாற்றத்தால் புரதத்தின் ஐந்தாவது அமினோ அமிலம் வேறொன்றாகியும் நீலம் கெடவில்லை. சங்கிலியின் நுனி சிறு மாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும் என்பது இதிலிருந்து உறுதிப்பட்டது. பிறகு அந்த நுனியில் பல வெட்டிடங்கள் அடுத்தடுத்து வரும்படி ஒரு சிறு வரிசையைக் கோத்தார்கள். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் ஒழுங்கு குலையாமல் அது கோக்கப்பட்டதால், பியூசி19-இல் அத்தனை வெட்டிடங்களும் இருந்தும் ஆல்ஃபா துண்டு வேலை செய்கிறது. மெஸ்ஸிங் இதற்குக் காப்புரிமை கேட்காமல் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். இந்த முறை இத்தனை வேகமாகப் பரவியதற்கு அதுவும் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது நம் 720 எழுத்துக்கு வருவோம். அது அந்த வெட்டிடத்தில் போய் உட்கார்ந்ததும் ஆல்ஃபா துண்டுக்கான செய்தி இரண்டாகப் பிளந்துவிடுகிறது. நம் மரபணு நேராகவும் சரியான படிப்பு ஒழுங்கிலும் அமர்ந்தால், அதன் முடிவிலுள்ள நிறுத்தக் குறி வந்ததும் புரத உற்பத்தி நின்றுவிடும், அதற்கு அப்பாலுள்ள ஆல்ஃபா பகுதி உருவாகாது. அப்படி அமர்ந்த வெள்ளைக் காலனி நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரவும் கூடும். தலைகீழாக அமர்ந்தால் அர்த்தமற்ற எழுத்துகளைப் படித்துக்கொண்டு போய், அநேகமாகச் சீக்கிரமே ஏதோ ஒரு நிறுத்தக் குறியில் முட்டி நிற்கும். இரு முனைகளும் ஒரே மாதிரி என்பதால் ஏறக்குறையப் பாதி தலைகீழாகத்தான் அமரும். இரண்டுமே வெள்ளை. நேரா தலைகீழா என்று நிறம் சொல்லாது.

வெள்ளை என்பது ஆல்ஃபா துண்டு உருவாகவில்லை என்ற செய்தி மட்டும்தான். மரபணு உள்ளே வந்ததால் உருவாகாமல் போயிருக்கலாம். வெட்டு நொதியோடு கலந்திருந்த வேறொரு நொதி வளையத்தின் முனைகளை ஓரிரு எழுத்து அரித்துவிட்டு, படிப்பு ஒழுங்கு பிறழ்ந்த வெற்று வளையமாக மூடியதாலும் இருக்கலாம். பிசிஆர் வினையின் மிச்சமாக வந்த சிறு டிஎன்ஏ துணுக்கு செருகிக்கொண்டாலும் அதே வெள்ளைதான். இன்னொரு வகை ஏமாற்று, தட்டை நெடுநேரம் விட்டுவைத்தால் வரும். பிழைத்த காலனி தன்னைச் சுற்றியுள்ள ஆம்பிசிலினைச் சிதைத்துவிடுவதால், பிளாஸ்மிட்டே இல்லாத பாக்டீரியாக்கள் அதைச் சூழ்ந்து மணல் தெளித்ததுபோல் முளைக்கும். அவையும் வெள்ளை. ஊசிமுனை அளவே இருப்பதாலும், பெரிய காலனியை ஒட்டியே இருப்பதாலும் அனுபவப்பட்ட கண் அவற்றை விட்டுவிடும். 16 முதல் 18 மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவது நல்லது.

நீலமும் எப்போதாவது பொய் சொல்லும். செருகிய துண்டு சிறியதாகவும், மூன்றால் வகுபடும் நீளமாகவும், நடுவில் நிறுத்தக் குறி இல்லாததாகவும் இருந்தால், ஆல்ஃபா துண்டு சற்றே நீண்டு உருவாகி, வெளிர்நீலம் தரும். நீலம் இளம்பருவத்தில் மெல்லியதாகவே இருக்கும் என்பதால், சில மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்.

எல்லாக் காலனியும் ஒரே நிறமாக வந்தால் தட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். எல்லாம் வெள்ளை என்றால் எக்ஸ்-கால் வெளிச்சம் பட்டுக் கெட்டிருக்கலாம், அல்லது ஊட்டத்தில் குளுக்கோஸ் கலந்து லாக் மரபணுவை அடக்கியிருக்கலாம், அல்லது ஐபிடிஜி போட மறந்திருக்கலாம். லாக் மரபணுவின் பூட்டைத் திறக்கும் ஐபிடிஜி எல்லா இனத்துக்கும் ஒரே அளவு அவசியமில்லை. டிஎச்5-ஆல்ஃபா என்ற இனம் பெரும்பாலும் அது இல்லாமலே நீலம் காட்டும். பூட்டுப் புரதத்தை மிகுதியாகச் செய்யும் எக்ஸ்எல்1-புளூவுக்கு அது கட்டாயம். எல்லாம் நீலம் என்றால், முழு லாக்-இசட் உள்ள பாக்டீரியா இனத்தைத் தவறுதலாக எடுத்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கத் துணைத் தட்டுகள் வேண்டும். வெட்டாத பியூசி19 போட்ட தட்டு முழுக்க நீலமாக வர வேண்டும். டிஎன்ஏவே போடாத தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது. வெட்டிய வளையத்தை மரபணு இல்லாமல் லிகேஸோடு மட்டும் வைத்துப் பரப்பிய தட்டில் எத்தனை வெள்ளை வருகிறதோ, அத்தனை பொய் வெள்ளை உண்மைத் தட்டிலும் இருக்கும் என்று கணக்குப் போடலாம்.

அதனால் ஒரு வெள்ளைக் காலனியோடு யாரும் திருப்தி அடைவதில்லை. ஐந்தாறு காலனிகளைக் குச்சியால் தொட்டுத் தனித்தனிக் குழாய்களில் இரவு முழுக்க வளர்த்து, பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து, மறுபடி ஈகோ-ஆர்-1 கொண்டு வெட்டி, அகரோஸ் ஜெல்லில் ஓட்டுவார்கள். ஏறக்குறைய 2,700 எழுத்தில் ஒரு பட்டையும் 720-இல் ஒரு பட்டையும் தெரிந்தால் மரபணு உள்ளே இருக்கிறது. ஒரே பட்டை 2,700-இல் நின்றால் அது பொய் வெள்ளை. நேரா தலைகீழா என்பதை அறிய, பிளாஸ்மிட்டில் ஒரு பிரைமரும் மரபணுவுக்குள் ஒரு பிரைமரும் வைத்துப் பிசிஆர் செய்து, துண்டு கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். பிசிஆர் நகலெடுக்கும்போது நுழைந்திருக்கக்கூடிய எழுத்துப் பிழையை இந்த இரண்டு சோதனையும் காட்டாது. அதற்கு 720 எழுத்தையும் வரிசையாகப் படித்தாக வேண்டும். அதில் தேறிய காலனியைத்தான் கிளிசராலில் கலந்து, பெயர் எழுதி, மைனஸ் 80 டிகிரியில் சேமிப்பார்கள்.